9.4 மணி நேரம் எங்கிருந்து வந்தது? ஓர் அப்ரைசல் மறுப்புக் கடிதத்தின் கதை

அரையாண்டு அப்ரைசல் படிவம் கைக்கு வந்த அன்று இரவே எனக்குத் தெரிந்த ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, அஞ்சு பாயின்ட் எழுதியிருக்காங்க. அஞ்சும் பொய்" என்றாள். குரலில் அழுகையும் கோபமும் பாதிப்பாதி.

நான் பல வருஷம் மனிதவளப் பிரிவில் இருந்தவள். அவளுடைய நிறுவனத்தில் இல்லை, வேறோர் இடத்தில். இப்படிப்பட்ட பதில் கடிதங்களை வாங்கி, படித்து, கோப்பில் சேர்ப்பது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த அனுபவத்தில் "அஞ்சும் பொய்" என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து பார்த்தபோது ஐந்தில் ஒன்றுதான் முழுத் தவறு. ஒன்றில் எண் சரி, அதற்குக் கொடுத்த பொருள் தவறு. ஒன்று பாதி சரி. ஒன்று மேனேஜரின் கருத்து. கடைசியாக இருந்தது முழுக்க உண்மை. இந்த ஐந்தையும் பிரித்தெடுக்க ஐந்து நாள் ஆனது. கடிதம் எழுத ஒரு மாலை போதுமாக இருந்தது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறாள். வரும் புகார்கள் எல்லாம் டிக்கெட்டாகப் பதிவாகும், அதற்குப் பதில் சொல்லி முடித்து வைப்பதுதான் வேலை. ஜனவரி முதல் ஜூன் வரையான மதிப்பீட்டில் மேனேஜர் எழுதியிருந்தவை இவை: முதல் பதிலுக்கு ஆன சராசரி நேரம் 9.4 மணி, இலக்கு 4 மணி. மாத ரிப்போர்ட் பிப்ரவரி, மார்ச், மே ஆகிய மூன்று மாதங்களில் தாமதம். ஏப்ரலில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் பில் புகாரை மேலிடத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டது. பொறுப்பை ஏற்கத் தயங்குகிறார். உதவிக் கட்டுரைகள் ஆறு எழுத வேண்டிய இடத்தில் இரண்டுதான் எழுதினார். ஐந்து புள்ளி அளவுகோலில் ரேட்டிங் 2.

அன்று இரவே அவள் ஒரு பதிலும் எழுதி வைத்திருந்தாள். மூன்று பக்கம். அதில் ஒரு பத்தி இப்படிப் போனது:

> நான் இரவு பகலாக உழைத்ததை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. என்னோடு வேலை பார்க்கும் சிலர் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு மட்டும் நல்ல ரேட்டிங். ஏப்ரலில் நடந்ததற்கு யார் காரணம் என்பதும் உங்களுக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் வேண்டுமென்றே என் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

இதைப் படிக்கும் மனிதவள அதிகாரி என்ன செய்வார் என்று அவளிடம் சொன்னேன். நானும் அதையே செய்திருக்கிறேன். சரிபார்க்க முடிந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று தேடுவார். இந்தப் பத்தியில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஏப்ரலில் அவள் லீவில் இருந்தாள் என்ற ஒரே பலமான தகவல் "உங்களுக்கு நன்றாகவே தெரியும்" என்பதற்குள் புதைந்துபோய்விட்டது. அதற்குப் பதிலாக "வேண்டுமென்றே" என்ற ஒரு சொல் கண்ணில் படும். அது மேனேஜரின் நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. அதை நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. மேனேஜர் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். இன்னொருவரின் ரேட்டிங்கைப் பற்றிப் பேசியதால் அவரும் இதற்குள் இழுக்கப்படுவார்.

எழுதியதை அழிக்கச் சொல்லவில்லை. எழுதித் தீர்த்தது நல்லதுதான், அனுப்பாமல் வைத்துக்கொள் என்றேன். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் அவகாசம்?" படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: பெற்ற நாளிலிருந்து 10 வேலை நாட்கள். இதைப் பார்க்காமல் கடிதத்தை மெருகேற்றிக்கொண்டே இருந்து, கெடு முடிந்தபின் கொண்டுவந்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. இந்திய மத்திய அரசுப் பணியில் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை மீது முறையீடு செய்ய 15 நாட்கள். தனியார் நிறுவனத்தில் அவர்களுடைய கையேடு என்ன சொல்கிறதோ அதுதான்.

இரண்டாவது கேள்வி கையெழுத்து. மேனேஜர் கையெழுத்துக் கேட்டபோது அவள் மறுத்துவிட்டு வந்திருந்தாள். கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்ற பயம். பெரும்பாலான படிவங்களில் அந்தக் கையெழுத்துக்கு "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும்தான் பொருள், அதைப் படிவத்திலேயே அச்சிட்டும் இருப்பார்கள். இதில் அச்சாகவில்லை. அதனால் மறுநாள் போய், "பெற்றுக்கொண்டேன். உள்ளடக்கத்தை ஏற்றதாகப் பொருளில்லை. என் பதில் தனியாக இணைக்கப்படும்" என்று கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடச் சொன்னேன். கையெழுத்தே போடாமல் விட்டால், "ஊழியர் மறுத்துவிட்டார்" என்று ஒரு வரி கோப்பில் ஏறும். அந்த வரியை விளக்க இன்னொரு கடிதம் எழுத வேண்டி வரும்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். 9.4 மணி.

அவளுக்கு அந்த எண் நம்ப முடியாததாக இருந்தது. காலையில் வரும் டிக்கெட்டுக்கு மதியத்துக்குள் பதில் போய்விடும் என்பது அவளுக்கே தெரியும். ஆனால் "எனக்குத் தெரியும்" என்பது ஆதாரமாகாது. தன் பெயரில் முடிந்த ஆறு மாத டிக்கெட்டுகளைக் கணினியில் எடுத்து, முதல் பதில் நேரத்தின்படி வரிசைப்படுத்தச் சொன்னேன். மொத்தம் 380 டிக்கெட். வரிசையின் நடுவில் இருந்த டிக்கெட்டுக்கு ஆன நேரம் 2.8 மணி. நடுவில் 2.8, சராசரி 9.4 என்றால் மேலே சில பெரிய எண்கள் உட்கார்ந்து சராசரியை இழுக்கின்றன என்று பொருள். சராசரி என்ற அளவுக்கு இருக்கும் பழைய நோய் இது.

மேலே பார்த்தோம். 40 மணி, 55 மணி, 70 மணி என்று 46 டிக்கெட்டுகள். ஒவ்வொன்றையும் திறந்து வரலாற்றைப் பார்த்தபோது ஒரே கதைதான். அவை முதலில் வேறொரு பிரிவின் வரிசைக்குப் போயிருந்தன. அங்கே இரண்டு மூன்று நாள் கிடந்து, "எங்களுடையது இல்லை" என்று இவளுக்கு மாற்றப்பட்டிருந்தன. கணினியின் கடிகாரமோ டிக்கெட் பிறந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது, கடைசியில் யார் பதில் சொன்னாரோ அவர் கணக்கில் முழு நேரத்தையும் எழுதுகிறது.

கணக்குப் போட்டோம். நேரடியாக இவளுக்கு வந்தவை 334, அவற்றின் சராசரி 3.1 மணி. மாற்றி வந்தவை 46, டிக்கெட் பிறந்த நேரத்திலிருந்து சராசரி 55 மணி. இரண்டையும் சேர்த்தால் சரியாக 9.4 வருகிறது. மேனேஜர் எண்ணை இட்டுக்கட்டவில்லை. திரையில் தெரிந்ததை எழுதினார், அவ்வளவுதான். இது புரிந்த நிமிடத்தில் அவள் கோபம் பாதி இறங்கியதை நான் பார்த்தேன். மேனேஜர் போட்ட எண்ணைத் தன் கையாலேயே திரும்ப வரவழைத்துக் காட்ட முடிந்தால், "எண் தவறு" என்று வெறுமனே சொல்ல வேண்டிய தேவையே இல்லை. தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்று காட்டிவிடலாம்.

அதோடு நிறுத்த அவள் ஆசைப்பட்டாள். நான் விடவில்லை. படிக்கிறவர் அடுத்து கேட்கப்போவது, "சரி, அந்த 46 உன் கைக்கு வந்தபிறகு நீ எவ்வளவு நேரம் எடுத்தாய்?" அதையும் பார்த்தோம்: சராசரி 3.4 மணி. எல்லா டிக்கெட்டையும் அவள் கைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணினால் சராசரி 3.1 மணி, இலக்குக்குள். நேரடியாக வந்த 334-ல் 29 டிக்கெட்டுகளுக்கு 4 மணிக்கு மேல் ஆகியிருந்ததும் தெரிந்தது. "அதையும் சொல்லணுமா அக்கா?" என்றாள். சொல்லத்தான் வேண்டும். மேனேஜரும் அதே பட்டியலைத்தான் திறக்கப் போகிறார். அவர் கண்டுபிடித்தால் நீ மறைத்தது, நீயே சொன்னால் அது ஒரு தகவல்.

ரிப்போர்ட் விஷயம் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அதில் பாதி தவறு அவளுடையது. ரிப்போர்ட் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் போக வேண்டும். அனுப்பிய மெயில்களைத் தேடினோம். பிப்ரவரி ரிப்போர்ட் 5-ம் தேதி மாலை 5.40-க்கே மேனேஜருக்கு மெயிலில் போயிருக்கிறது. ஆனால் பொது ஃபோல்டரில் 7-ம் தேதிதான் ஏற்றியிருக்கிறாள். மேனேஜர் ஃபோல்டர் தேதியைப் பார்த்திருக்கிறார். மே மாதம் 5-ம் தேதி விடுமுறை நாள், ரிப்போர்ட் 6-ம் தேதி காலை போனது. விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாளா, முந்தைய வேலை நாளா என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மார்ச் மட்டும் உண்மையிலேயே தாமதம்: 8-ம் தேதி. கணக்குப் பிரிவின் எண்கள் 7-ம் தேதிதான் வந்தன என்பது உண்மை. ஆனால் அதை அவள் 5-ம் தேதியே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஆக ஒரு மாதம் தவறாகப் பதிவாகியிருக்கிறது, ஒரு மாதம் தெளிவில்லை, ஒரு மாதம் ஒப்புக்கொள்ள வேண்டியது. இந்த மூன்றையும் ஒரே தொனியில் மறுத்தால் மார்ச் மாதத்தை வைத்தே பிப்ரவரியையும் அடித்துவிடுவார்கள். மார்ச்சை நேராக ஒப்புக்கொண்டால் பிப்ரவரி பற்றிச் சொல்வது நிற்கும்.

ஏப்ரல் புகார்தான் அவளை அதிகம் காயப்படுத்தியது. அந்தப் புகார் வந்தது ஏப்ரல் 15. அவள் ஏப்ரல் 14 முதல் 18 வரை அனுமதி பெற்ற லீவில் இருந்தாள். 11-ம் தேதி பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு மெயிலில் போயிருக்கிறது, அதில் அந்த வாடிக்கையாளரின் பெயரும் இருந்தது. அவள் திரும்பி வந்த நாளில் புகார் ஏற்கெனவே கையை மீறியிருந்தது. இங்கே ஆதாரம் முழுசாக இருக்கிறது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அந்த வாரம் பொறுப்பில் இருந்தவரின் பெயரை எழுத அவள் விரல் துடித்தது. எழுத வேண்டாம் என்றேன். "அந்தத் தேதியில் நான் பொறுப்பில் இல்லை" என்பது வரைதான் அவள் நிரூபிக்க வேண்டியது. யார் தவறு என்பது அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் என்ன நடந்தது என்று பொறுப்பில் இருந்தவரிடமும் யாரும் கேட்கவில்லை. ஒப்படைப்புக் குறிப்பில் பெயர் இருக்கிறது, பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார்.

இந்த இடத்தில் அவள் செய்யவிருந்த ஒரு பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆதாரங்கள் அழிந்துவிடுமோ என்ற பயத்தில், டிக்கெட் பட்டியல் முழுவதையும் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பப் பார்த்தாள். அதில் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அலுவலகத் தகவலை வெளியே கொண்டுபோனது என்று அதுவே தனி ஒழுங்கு நடவடிக்கையாக மாறும், அப்ரைசல் பின்னுக்குப் போய்விடும். டிக்கெட் எண், தேதி, நேரம் மட்டும் கொண்ட ஒரு தாளை அலுவலகக் கணினியிலேயே தயாரித்து, அலுவலக மெயிலிலேயே இணைக்கச் சொன்னேன். தன்னுடைய கடிதத்தின் நகலை வைத்துக்கொள்வது வேறு, அது அவளுடைய சொந்த வார்த்தை. அதையும் நிறுவன விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யச் சொன்னேன்.

நான்காவது, "பொறுப்பை ஏற்கத் தயங்குகிறார்." இதை எப்படி மறுப்பது? "இல்லை, நான் பொறுப்பானவள்" என்று எழுதினால் ஒரு கருத்துக்கு எதிராக இன்னொரு கருத்து, அதைக் கோப்பில் யாரும் திருத்த மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 16-வது பிரிவுகூட, தன்னைப் பற்றிய தவறான தரவைத் திருத்தவும் குறையான தரவோடு விளக்கம் சேர்க்கவும்தான் உரிமை தருகிறது. மேலதிகாரியின் அபிப்பிராயத்தை மாற்றி எழுதச் சொல்லும் உரிமை என்று அதை நீட்டுவது கடினம். ஆனால் அபிப்பிராயமும் எதன் மேலாவது நிற்க வேண்டும். படிவத்தில் இந்த வாக்கியம் ஏப்ரல் புகாருக்கு நேர் கீழே இருந்தது. அந்த நிகழ்வை வைத்துத்தான் இது எழுதப்பட்டது என்றால், நிகழ்வு போனபின் வாக்கியத்தையும் மறுபடி பார்க்கும்படி கேட்கலாம். வேறு ஏதாவது இருந்தால் அது என்ன என்று கேட்கலாம். ஒரு எச்சரிக்கையும் கொடுத்தேன்: உதாரணம் கேட்டால் உதாரணம் வரும், அதற்கும் தயாராக இரு.

ஐந்தாவது, உதவிக் கட்டுரைகள். இரண்டுதான் எழுதினாள். முடிந்தது.

ஐந்தாம் நாள் மாலை அவளே எழுதினாள், நான் மூன்று இடத்தில் மட்டும் வெட்டினேன். இறுதி வடிவம் இது:

> பொருள்: ஜனவரி–ஜூன் அரையாண்டு மதிப்பீடு, உண்மை விவரங்களில் திருத்தம் கோருதல்
>
> மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
>
> ஜூலை 8 அன்று என் மதிப்பீட்டை அளித்து, அதைப் பற்றி நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. அதில் உள்ள சில விவரங்கள் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை. அவற்றை மட்டும் கீழே தருகிறேன். இந்தக் கடிதத்தை மதிப்பீட்டோடு இணைத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> முதல் பதில் நேரம். மதிப்பீட்டில் உள்ளது: "சராசரி 9.4 மணி, இலக்கு 4 மணி." என் பெயரில் முடிந்த 380 டிக்கெட்டுகளில் 46, வேறு பிரிவிலிருந்து எனக்கு மாற்றப்பட்டவை. அவற்றுக்கான நேரம், டிக்கெட் உருவான நிமிடத்திலிருந்து என் கணக்கில் சேர்ந்துள்ளது. என்னிடம் வந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் 380 டிக்கெட்டுகளின் சராசரி 3.1 மணி. நேரடியாக எனக்கு வந்த 334-ல் 29 டிக்கெட்டுகளுக்கு 4 மணிக்கு மேல் எடுத்துக்கொண்டேன் என்பதையும் குறிப்பிடுகிறேன். டிக்கெட் எண்களும் நேரங்களும் இணைப்பு 1-ல் உள்ளன. இந்த எண்ணை மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> மாத ரிப்போர்ட். மதிப்பீட்டில் உள்ளது: "பிப்ரவரி, மார்ச், மே மாதங்களில் தாமதம்." பிப்ரவரி ரிப்போர்ட்டை 5-ம் தேதி மாலை 5.40-க்கு உங்களுக்கு மெயிலில் அனுப்பினேன் (இணைப்பு 2). பொது ஃபோல்டரில் 7-ம் தேதி ஏற்றினேன். மே 5 விடுமுறை நாள் என்பதால் 6-ம் தேதி காலை அனுப்பினேன். இப்படிப்பட்ட நாட்களில் எந்தத் தேதி பொருந்தும் என்று தெரிவித்தால் இனி அதன்படி செய்கிறேன். மார்ச் ரிப்போர்ட் தாமதமானது உண்மை. அதை முன்கூட்டியே உங்களிடம் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை.
>
> ஏப்ரல் பில் புகார். மதிப்பீட்டில் உள்ளது: "மேலிடத்துக்குக் கொண்டுசெல்லத் தவறினார்." அந்தப் புகார் பதிவானது ஏப்ரல் 15. ஏப்ரல் 14 முதல் 18 வரை நான் அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தேன். பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பை ஏப்ரல் 11 அன்று அனுப்பினேன். விடுப்பு அனுமதியும் குறிப்பும் இணைப்பு 3-ல் உள்ளன. இந்த வரியை நீக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> "பொறுப்பை ஏற்கத் தயங்குகிறார்" என்ற கருத்து ஏப்ரல் நிகழ்வின் அடிப்படையில் எழுதப்பட்டிருந்தால், மேலே உள்ள விவரங்களின் வெளிச்சத்தில் அதை மீண்டும் பார்க்க வேண்டுகிறேன். வேறு சந்தர்ப்பங்கள் காரணமாக இருந்தால், அவற்றை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.
>
> உதவிக் கட்டுரைகள் பற்றிய குறிப்பு சரியானது. அடுத்த அரையாண்டில் மாதம் ஒன்று எழுதத் திட்டமிட்டுள்ளேன்.
>
> இதைப் பற்றி நேரில் பேச உங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பணியாளர் எண், தேதி)

நான் வெட்டிய மூன்று இடங்களையும் சொல்கிறேன். முதல் பத்தியில் "மிகுந்த மன வேதனையுடன்" என்று இருந்தது. வேதனை உண்மைதான், ஆனால் திருத்தம் கேட்கும் கடிதத்தில் அது படிக்கிறவரைத் தற்காப்புக்குத் தள்ளும். 9.4 பற்றிய பத்தியில் "இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்ற வரி இருந்தது. மேனேஜருக்கு அது தெரியாது என்பதைத்தான் நாங்கள் கண்டுபிடித்திருந்தோம். கடைசியில் "எனவே ரேட்டிங்கை 4 ஆக மாற்ற வேண்டும்" என்று கேட்டிருந்தாள். விவரங்கள் திருந்தினால் ரேட்டிங் என்ன ஆக வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும் என்றேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்பார்கள். சில நிறுவனங்களின் முறையீட்டுப் படிவத்தில் "கோரும் ரேட்டிங்" என்றே ஒரு கட்டம் இருக்கும், அங்கே எழுதத்தான் வேண்டும். இங்கே அப்படி இல்லை. 4 கேட்டிருந்தால் பேச்சு முழுக்க 4-ஐச் சுற்றியே போயிருக்கும்.

படிவத்தில் "ஊழியர் கருத்து" என்று ஒரு பெட்டி இருந்தது. 500 எழுத்துக்கு மேல் ஏற்காது. பெட்டிக்குள் கடிதத்தைத் திணிக்கப் பார்த்தால் பாதியில் வெட்டுப்படும். "மூன்று விவரங்களில் திருத்தம் கோருகிறேன். ஜூலை 15 தேதியிட்ட கடிதம் இணைக்கப்பட்டுள்ளது" என்று மட்டும் பெட்டியில் போட்டாள். கடிதம் மேனேஜருக்கும், நகல் மனிதவளப் பிரிவுக்கும் மெயிலில் போனது. மேனேஜரின் மேலதிகாரிக்கு நகல் போடவில்லை. முதல் கடிதத்திலேயே தலைக்கு மேல் போனால் திருத்தும் எண்ணம் இருந்தவரும் முறுக்கிக்கொள்வார்.

இந்த மாதிரிக் கடிதம் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளுடைய விஷயத்தில் தவறுகள் தவறுகளாகவே இருந்தன. ஒரு புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கும் விதமாகவோ, பாகுபாட்டினாலோ மோசமான மதிப்பீடு வந்திருந்தால் அது வேறு விஷயம். அதற்குத் தனிப் புகார் வழியும் சட்ட ஆலோசனையும் தேவை. திருத்தக் கடிதத்தின் ஓரத்தில் அதை ஒரு வரியாகச் செருகினால் இரண்டும் கெடும்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். முக்கால் மணி நேரம். டிக்கெட் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி. இணைப்பு 1-ல் இருந்து தன்போக்கில் நாலைந்து எண்களைத் தேர்ந்தெடுத்து அங்கேயே திறந்து பார்த்திருக்கிறார், எல்லாம் பொருந்தின. ஏப்ரல் வரியை அப்போதே நீக்கினார். ரிப்போர்ட்டில் மார்ச் மட்டும் நின்றது. விடுமுறை வந்தால் முந்தைய வேலை நாள் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார், மே மாதத்துக்கு அதைப் பின்தேதியிட்டுப் பொருத்தவில்லை.

நான்காவதற்கு உதாரணம் வந்தது. மே மாதம் ஷிஃப்ட் மாற்றுவது பற்றிய கூட்டத்தில், ஒரு வேலையைக் கேட்டபோது எல்லோர் முன்னாலும் "இது என் வேலை இல்லை" என்று சொன்னாயே என்றார். அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொன்னது உண்மை, சொன்ன விதமும் சரியில்லை. அந்த வாக்கியம் "ஒரு சந்தர்ப்பத்தில் கூடுதல் பொறுப்பை ஏற்க மறுத்தார் (மே)" என்று மாறியது. பொதுவான முத்திரையாக இருந்தது, தேதி போட்ட ஒரு நிகழ்வாகச் சுருங்கியது. அவள் இதில் திருப்தியாக இல்லை. என்னைக் கேட்டால், நடந்த மாற்றங்களில் இதுதான் பெரியது.

ரேட்டிங்? மேனேஜர் 3 என்று பரிந்துரைத்தார். ஆனால் எல்லாப் பிரிவுகளின் ரேட்டிங்கையும் ஒப்பிட்டு இறுதி செய்யும் கூட்டம் அதற்கு முந்தைய வாரமே முடிந்திருந்தது. அந்த அரையாண்டுக்கு 2 என்பதே நின்றது. திருத்திய படிவமும் கடிதமும் மேனேஜரின் பரிந்துரைக் குறிப்பும் சேர்ந்து கோப்பில் போயின, ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அந்தக் குறிப்பைக் கணக்கில் எடுப்பதாக மனிதவளப் பிரிவு மெயிலில் எழுதிக் கொடுத்தது. அந்தக் கூட்டத்தின் தேதியைத் தெரிந்துகொண்டு ஐந்து நாளுக்குப் பதில் இரண்டே நாளில் கடிதத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். படிவத்தில் இருந்த கெடுவைக் கேட்டேன். உண்மையான கெடுவைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் அவள் தன் கோப்பைத் திறந்து பார்த்தாள். திருத்திய படிவம் இருந்தது. பக்கத்திலேயே கணினி தானாக உருவாக்கிய அரையாண்டுச் சுருக்கத்தில் 9.4 அப்படியே உட்கார்ந்திருந்தது. திருத்தத்தைப் படிவத்தில் செய்தவர்கள் சுருக்கத்தை மறுபடி உருவாக்கவில்லை. இந்த முறை எனக்கு போன் வரவில்லை. ஜூலை 15 கடிதத்தையும் மேனேஜரின் திருத்தத்தையும் குறிப்பிட்டு அவளே இரண்டு வரி மெயில் அனுப்பினாள். நான்காம் நாள் சுருக்கத்தில் 3.1 என்று மாறியிருந்தது.